பையின் நிறத்தை மாற்றினால் பளபளப்பு ஏன் செத்துப்போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்து ஸ்டூடியோ ஒன்றில் படத் திருத்த வேலை செய்கிறேன். வீட்டில் கைப்பை தைத்து விற்பவர்கள் மல்லாவி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் பக்கங்களிலிருந்து வருவார்கள். கையில் ஒரு சிவப்பு றெக்சின் பையின் படம் இருக்கும். அதே பை பச்சையிலும் மஞ்சளிலும் கறுப்பிலும் வேண்டும் என்பார்கள். அவர்களும், இந்த வேலையைப் பழக வரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அந்தச் சிவப்புப் பையையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அண்ணா, இதுக்கு ஃபோட்டோஷாப் கட்டாயம் வேணுமோ?

இல்லை. படத்தின் மேல் தட்டுத் தட்டாக அடுக்கும் லேயரும், அந்த லேயரை வெள்ளையான இடத்தில் வேலைசெய்யவும் கறுப்பான இடத்தில் விலகி நிற்கவும் வைக்கும் மாஸ்க்கும் உள்ள எந்த மென்பொருளும் போதும். இலவசமான கிம்ப் போதும், உலாவியிலேயே திறக்கும் போட்டோபீயும் போதும். கீழே மெனுப் பெயர்களை ஃபோட்டோஷாப்பில் உள்ளபடி எழுதுகிறேன். போட்டோபீயில் அநேகமாக அதே பெயர்கள்தான். கிம்பில் வேறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

போனில் ஒரே தட்டில் நிறம் மாற்றும் செயலிகளில் மாஸ்க்கை நாம் நினைத்தபடி செய்ய முடியாது. இந்த வேலையின் உயிரே மாஸ்க்கில்தான் இருக்கிறது.

பச்சை நிறத்தை மேல பூசி Color மோட்ல விட்டன். பை பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வருது. ஏன்?

ஏனென்றால் பளபளப்பும் பச்சையாகிவிட்டது. றெக்சின் பையில் கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு வகை. ஒரு பங்கு றெக்சினின் சாயத்துக்குள் போய்த் திரும்பி வருகிறது. அதுதான் பையின் நிறம். இன்னொரு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. அது சாயத்தைத் தொடுவதே இல்லை, ஆகவே அதற்கு வெளிச்சத்தின் நிறம்தான் இருக்கும். சிவப்புப் பையை யன்னலோரம் வைத்துப் பாருங்கள். வளைவில் விழும் கோடு வெள்ளையாக இருக்கும். பச்சைப் பையிலும் அந்தக் கோடு வெள்ளைதான்.

Color மோட் அடியில் உள்ள படத்தின் வெளிச்ச அளவை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தையும் அதன் செறிவையும் மேல் லேயரிலிருந்து எடுக்கும். என்னிடம் வந்த படத்தில் பையின் உடல், சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒழுங்கில் 0இலிருந்து 255 வரையான எண்ணில் சொன்னால், (180, 30, 36). பளபளக்கும் கோடு (248, 228, 226). அதன் மேல் கரும்பச்சை (20, 92, 62) பூசினால் உடல் ஓரளவு சரியாகத்தான் வரும். கோடோ ஏறக்குறைய (195, 255, 230) ஆகிவிடும். வெள்ளையாக இருந்த இடம் புதினாப் பச்சை. உள்ளே வெளிச்சம் எரியும் பிளாஸ்டிக்கில்தான் அப்படி ஒரு கோட்டைப் பார்த்திருப்போம். கண் உடனே பிடித்துவிடும்.

சரி, மஞ்சள் பூசினா ஏன் மண்ணிறமா வருது? நான் எடுத்தது நல்ல மஞ்சள் தானே?

வெளிச்ச அளவு மாறாததால். Color மோட் வெளிச்சத்தைக் கணக்கிடும் முறை இதுதான்:

```
0.30 × R + 0.59 × G + 0.11 × B
```

சிவப்பு உடலுக்கு இது 76 வருகிறது. நீங்கள் எடுத்த மஞ்சள் (225, 170, 40) என்றால் அதற்கு 172. மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம். அதை 76க்கு இறக்கினால் கிடைப்பது ஏறக்குறைய (107, 75, 0). அது பழுப்புத்தான். மஞ்சள் நிழலுக்குள் போனால் எந்த நிறமாகத் தெரியுமோ அந்த நிறம்.

ஆக, நிறத்தை மாற்றுவதும் வெளிச்சத்தை மாற்றுவதும் இரண்டு தனி வேலைகள். ஒரே பூச்சில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பதால்தான் பலருக்குப் பிழைக்கிறது.

அப்ப எந்த ஒழுங்கில செய்யிறது? ஒருக்கா முழுசா சொல்லுங்கோ.

முதலில் பையை மட்டும் தெரிவுசெய்து, ஒரு குரூப் போட்டு, அந்தத் தெரிவைக் குரூப்பின் மாஸ்க்காக வையுங்கள். இனிச் செய்வதெல்லாம் அந்தக் குரூப்புக்குள் நடக்கும். பை எங்கே முடிகிறது என்ற கவலை அத்தோடு தீர்ந்தது.

உள்ளே Hue/Saturation லேயர் ஒன்று. கரும்பச்சை வேண்டுமென்றால் Hue-ஐ +157 அளவுக்குத் தள்ளுங்கள். Colorize-ஐத் தொடவேண்டாம். இப்படித் திருப்பும்போது நிறம் உள்ள இடம் மட்டும் மாறும், நிறமில்லாத இடம் அப்படியே நிற்கும். வெள்ளைக்கோடு (248, 228, 226) என்பது (226, 248, 242) ஆகும். இன்னும் வெள்ளைதான். மடிப்புக்குள்ளே நிறம் செறிவாகவும் வெளியே கொஞ்சம் வெளிறியும் இருக்கும் அந்த இயல்பான ஏற்ற இறக்கமும் பிழைத்துக்கொள்ளும். Color பூச்சில் அது தட்டையாகிவிடுகிறது.

ஆனால் உடல் இப்போது (30, 180, 117) பக்கம் வந்து கிளிப்பச்சையாக நிற்கும். வெளிச்சம் 128. நமக்கு வேண்டியது 67. அதற்கு மேலே ஒரு Curves லேயர் போட்டு, 128 இருக்கும் இடத்தை 67க்கு இறக்குங்கள். இறக்கும்போது பளபளப்பும் சேர்ந்து மங்கும். அதைத் தடுக்கத்தான் அடுத்த கேள்வியில் உள்ள மாஸ்க். நிறம் தூக்கலாக இருந்தால் கடைசியாக Saturation-இல் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

கிம்ப் 2.10இல் இப்படி லேயராகப் போட முடியாது. படத்தை டூப்ளிகேட் பண்ணி, ஒவ்வொரு படியையும் தனிப் பிரதியில் செய்து, மாஸ்க்கை அந்தப் பிரதிக்குப் போடவேண்டும்.

பளபளப்பை மட்டும் எப்பிடிப் பிரிச்சு எடுக்கிறது? பிரஷ்ஷால கீறிக் கீறிக் கை நோகுது.

பிரஷ் வேண்டாம். பளபளப்பு ஏற்கெனவே உங்கள் படத்தில் தனியாகப் பிரிந்து கிடக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கறுப்புவெள்ளைப் படமாகக் காட்டும் Channels பலகத்தைத் திறந்து சிவப்புப் பையின் பச்சைச் சானலை மட்டும் பாருங்கள். பை கரியாக இருக்கும், பளபளப்பு மட்டும் பால் கொட்டியதுபோல் தெரியும். முதன்முறை அதைக் காட்டும்போது பழக வந்த பிள்ளைகள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருவார்கள்.

சிவப்புச் சாயம் பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது. உடலில் பச்சையின் அளவு 30தான். மேற்பரப்பில் தெறித்த ஒளி சாயத்தைத் தொடாததால் அதில் பச்சை குறையவில்லை, 228 இருக்கிறது. சிவப்புச் சானலிலோ உடல் 180, கோடு 248. அங்கே பிரிப்பது கஷ்டம். எந்தப் பொருளானாலும் இதுதான் வழி: அதன் நிறம் எந்தச் சானலில் மிகக் கறுப்போ அங்கே பளபளப்பைத் தேடுங்கள். மஞ்சள் பொருளுக்கு நீலச் சானல். நீலப் பொருளுக்குச் சிவப்பு.

செய்முறை இப்படி. முதலில் Hue/Saturation லேயரின் கண்ணை மூடி, பை பழைய சிவப்பிலேயே தெரியும்படி வையுங்கள், மாஸ்க் முடிந்த பிறகு திரும்பத் திறக்கலாம். Green சானலின் சிறுபடத்தை Ctrl பிடித்துக் கிளிக் பண்ணினால் அது தெரிவாக வரும். Ctrl+Shift+I அடித்துத் தலைகீழாக்குங்கள். அப்படியே Curves லேயரைப் போட்டால் அந்தத் தெரிவு மாஸ்க்காக ஒட்டிக்கொள்ளும். மாஸ்க்கில் இப்போது உடல் 225, பளபளப்பு 27. மாஸ்க்கைத் தெரிவுசெய்து Ctrl+L அடித்து, கறுப்பு முனையை 30க்கும் வெள்ளை முனையை 220க்கும் இழுங்கள். உடல் முழு வெள்ளையாகவும் பளபளப்பு முழுக் கறுப்பாகவும் நிற்கும், இடைப்பட்ட மங்கல் மங்கலாகவே இருக்கும். அந்த மங்கலை அழிக்காதீர்கள். பளபளப்பு உடலோடு கரையும் ஓரம் அதுதான். கிம்பில் Green சானலைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியில் Channel to Selection கொடுத்தால் அதே தெரிவு கிடைக்கும்.

வெள்ளை நூல் தையலைச் சுத்தி சிவப்பா ஒரு கோடு மிஞ்சுது. எவ்வளவு நுணுக்கமா வெட்டினாலும் போகுதில்லை.

நூலை வெட்டி விலக்கியதால்தான் அது மிஞ்சுகிறது. போன் எடுக்கும் ஜேபெக் படத்தில் வெளிச்ச விபரம் முழு அளவில் இருக்கும், நிற விபரம் பெரும்பாலும் அதில் பாதி அகலத்திலும் பாதி உயரத்திலும்தான் சேமிக்கப்படும். அதனால் பையின் சிவப்பு நூலின் மேலும் கொஞ்சம் கசிந்திருக்கும். நூலை மாஸ்க்கிலிருந்து நீக்கினால் அந்தக் கசிவும் மாறாமல் தங்கிவிடும்.

நூலையும் குரூப்பின் மாஸ்க்குக்குள்ளேயே விட்டுவிடுங்கள். Hue திருப்பும்போது வெள்ளை நூல் மாறாது, அதில் கசிந்த சிவப்பு மட்டும் பச்சையாகும். உண்மையான பச்சைப் பையிலும் அப்படித்தான் கசிந்திருக்கும். Curves இறக்கும்போது நூல் மங்குமே என்று கேட்பீர்கள். நூலிலும் பச்சை அளவு அதிகம், ஆகவே மேலே செய்த மாஸ்க்கே அதையும் காப்பாற்றிவிடும்.

இன்னொன்று: படத்தை வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள். படமாக வந்தால் இன்னும் சுருங்கி, கசிவு கூடிவிடும்.

என்ர படத்தில பச்சைச் சானல் நல்லாத்தான் இருக்கு, ஆனா நிறம் மாத்தின பிறகு றெக்சினின்ர சொரசொரப்பே இல்லை. எங்க போச்சு?

எடுக்கும்போதே போய்விட்டது. அழுத்தமான சிவப்பைப் போன் கமரா எடுக்கும்போது சிவப்புச் சானல் 255இல் முட்டி நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். முழுப்படத்தின் வெளிச்சம் சரியாகத் தெரிவதால் நாம் கவனிப்பதில்லை. Histogram-இல் Red மட்டும் பாருங்கள். வலது சுவரில் ஒரு கம்பம்போல் ஏறி நின்றால் அந்த இடமெல்லாம் விபரம் இல்லை. Hue திருப்பினால் அந்தத் தட்டை அப்படியே பச்சைச் சானலுக்கு வந்துவிடும்.

இதற்குத் திருத்தத்தில் மருந்து இல்லை. திரும்ப எடுக்கவேண்டும். பையில் விரலை அழுத்திப் போகஸ் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து எடுங்கள். படம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பிறகு தூக்கலாம்.

பை பச்சையாயிட்டுது, ஆனா கீழ விழுற நிழல் இன்னும் சிவந்திருக்கு. அதையும் மாத்தவேணுமோ?

கட்டாயம். சிவப்புப் பையிலிருந்து தெறித்த ஒளி வெள்ளை மேசையில் பட்டு, நிழலின் உள் ஓரத்தை ரோஸாக்கும். பக்கிளிலும் சிப்பிலும்கூட ஒரு சிவப்புக் கீற்று இருக்கும். பையை மாற்றிவிட்டு இவற்றை விட்டால், பார்ப்பவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

குரூப்பின் மாஸ்க்கை நிழல்பக்கம் மெதுவான பிரஷ்ஷால் கொஞ்சம் நீட்டினால் Hue திருப்பம் அங்கேயும் வேலைசெய்யும். ஆனால் Curves அங்கே போகக்கூடாது, நிழல் கருத்துவிடும். அதனால் நான் நிழலுக்கு வேறொரு Hue/Saturation லேயர் போட்டு, அதே +157 கொடுத்து, Saturation-ஐப் பாதியாக்குவேன். கரும்பச்சை சிவப்பைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பித் தரும்.

நம்மூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிரவல் போட்ட முற்றத்தில் வைத்து எடுத்தால் பையின் அடிப்பக்கம் செம்மஞ்சளாக ஒளி வாங்கும். நீலத் தறப்பாள் கொட்டிலுக்குள் எடுத்தால் பளபளப்பே நீலமாக இருக்கும். இரண்டாவது விடையில் சொன்னேனே, தெறிக்கும் ஒளிக்கு வெளிச்சத்தின் நிறம் என்று. அந்த நீலமும் Hue திருப்பத்தோடு சேர்ந்து வேறெதுவாகவோ மாறும். காலையில் விறாந்தை நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்து, அந்தத் தாளைக் காட்டி வைட் பேலன்ஸைச் சரிசெய்த பிறகு நிறமாற்றத்தைத் தொடங்குங்கள்.

கறுப்புப் பையும் வேணும் எண்டு கேக்கினம். கறுப்பாக்கினா சாம்பல் மூட்டை மாதிரி கிடக்குது.

கறுப்பில் பளபளப்பு குறைந்தால் பொருளே செத்துவிடும். கறுப்பு றெக்சினில் சாயத்திலிருந்து வரும் ஒளி கிட்டத்தட்ட இல்லை, நாம் பார்ப்பதெல்லாம் தெறித்த ஒளிதான். எனவே இங்கே உடலை இறக்கிய பிறகு பளபளப்பைத் தனி லேயராகத் திரும்ப வைக்கவேண்டும்.

Hue/Saturation-இல் Saturation -100. உடல் 105 அளவில் சாம்பலாகும். Curves-இல் 105ஐ 32க்கு இறக்குங்கள், அதே மாஸ்க்கோடு. முழுக் கறுப்பு 0க்குப் போகாதீர்கள், மடிப்பு தெரியாமல் போகும். இப்போது மூலப்படத்தின் பிரதி ஒன்றைக் குரூப்பின் உச்சியில் வைத்து, Channel Mixer-இல் Monochrome போட்டு, Green 100, மற்ற இரண்டும் 0. பிறகு Levels-இல் கறுப்பு முனையை 40க்கு இழுத்தால் உடல் மறைந்து பளபளப்பு மட்டும் நிற்கும். லேயர் மோட் Screen. ஒப்பாசிட்டியை 0இலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு வாருங்கள். றெக்சினின் சின்னச் சின்னப் புள்ளிகள் மினுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எனக்கு அநேகமாக 40 தாண்டுவதில்லை.

அதே மாதிரி வெள்ளைப் பை?

அதை நான் செய்து கொடுப்பதில்லை. வெள்ளைப் பையில் ஒளி மடிப்புக்குள் பலமுறை தெறித்து நிழலை நிரப்பிவிடும், நிழல் மென்மையாக இருக்கும். சிவப்புப் பையின் ஆழமான நிழலை 40இலிருந்து 120க்குத் தூக்கினால் மென்மை வராது, போனின் இரைச்சல் புள்ளிகள்தான் மேலே வரும். வெள்ளைப் பை ஒன்று தைத்திருந்தால் கொண்டுவாருங்கள், படம் எடுக்கப் பத்து நிமிஷம்.

கறுப்புப் பையைப் படமெடுத்து மற்ற நிறமாக்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில். ஒரே ஒரு பைதான் மாதிரிக்குத் தைக்கப்போகிறீர்கள் என்றால் சிவப்பு, நீலம்போல நடுத்தர வெளிச்சமுள்ள, நிறம் தெளிவான றெக்சினில் தையுங்கள். அதிலிருந்து வெள்ளையைத் தவிர எந்தப் பக்கமும் போகலாம்.

திருத்தினது சரியோ பிழையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பாத்துப் பாத்து எனக்கு எல்லாமே சரியாத் தெரியுது.

இரண்டு சோதனை போதும். Eyedropper-ஐ Sample Size 5 by 5 ஆக்கி, மிகப் பளபளக்கும் இடத்தில் வையுங்கள். மூன்று எண்ணும் கிட்டக்கிட்ட இருந்தால் நல்லது. ஒன்று மற்றதைவிட 40, 50 விலகினால் பளபளப்பில் நிறம் ஏறிவிட்டது, மாஸ்க்கைத் திரும்பப் பாருங்கள்.

அடுத்து, றெக்சின் துண்டு. தைக்கப்போகும் பச்சை றெக்சினில் உள்ளங்கை அளவு வெட்டி, பை இருந்த அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். பையின் தட்டையான பக்கத்தையும் அந்தத் துண்டையும் அருகருகே வைத்து எண்ணைப் பாருங்கள். நான் மேலே சொன்ன (20, 92, 62) அப்படி ஒரு துண்டிலிருந்து எடுத்ததுதான். துண்டு இல்லாமல் வெறும் கண்ணால் நிறம் தெரிவுசெய்து கொடுத்த படத்துக்கு ஓடர் எடுத்து, சாமான் வேறு பச்சையில் போனதால் திரும்பி வந்த பைகளை நான் பார்த்திருக்கிறேன். தைத்த அக்காதான் அந்த நட்டத்தைச் சுமந்தார். துண்டு இல்லாத நிறத்துக்கு இப்போது நான் படம் செய்வதில்லை.

பக்கிளை வெள்ளியில இருந்து தங்கமாக்க இதே முறைதானோ?

இல்லை, அங்கே நேர்மாறு. தங்கநிற உலோகத்தில் தெறிக்கும் ஒளியே நிறம் வாங்கித்தான் வருகிறது. சாயத்துக்குள் போய் வரும் பங்கு என்று ஒன்று கிடையாது. எனவே பளபளப்பைக் காக்கும் மாஸ்க் போட்டால் அது தங்கமாகத் தெரியாது, மஞ்சள் பெயின்ற் பூசிய இரும்பாகத் தெரியும். இங்கேதான் அந்த Color மோட் உதவும். பளபளப்பின் மேலேயும் தாராளமாகப் பூசுங்கள். 255இல் முட்டி நிற்கும் சின்னப் பொட்டு மட்டும் தானாகவே வெள்ளையாக இருந்துவிடும், அது சரிதான்.

சேலைக்கும் செய்யலாமோ? கலியாண ஓடர், இரண்டு நிறம் மினுங்கிற பட்டு.

ஒரே நிறச் சேலை என்றால் செய்யலாம். சரிகையை மேலே சொன்ன பக்கிள்போல் தனியாகப் பிரித்து விட்டுவிட்டு, உடலுக்குப் பையின் முறை. இழையின் மினுக்கம் றெக்சினைவிட அகலமாகப் பரவியிருக்கும், அதனால் மாஸ்க்கில் முனைகளை அவ்வளவு இறுக்கி இழுக்கவேண்டாம்.

மயில்கழுத்து நிறம்போல இரண்டு நிறம் மினுங்கும் பட்டு வேறு கதை. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். துணி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதைப் பொறுத்து ஒன்று மேலோங்கும். மடிப்பின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. Hue-ஐத் திருப்பினால் இரண்டும் ஒரே அளவு சேர்ந்து திரும்பி, எந்தத் தறியிலும் இல்லாத ஒரு சோடி வந்து நிற்கும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க, நிறம் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கரையும் இடமெல்லாம் கையால் மாஸ்க் கீறவேண்டும். ஒரு சேலைக்கு ஒரு நாள் போகும், அப்படியும் கிட்ட வைத்துப் பார்த்தால் தெரியும். கலியாண வீட்டுக்காரர் அந்தப் படத்தை நம்பித்தான் முற்பணம் தருவார்கள். சேலையையே கொண்டுவாருங்கள், விறாந்தையில் கொடி கட்டி விரித்து எடுத்துவிடுவோம்.